சூரியகாந்தியின் நடுவில் சப்பி விழுவது ஏன்? வன்னியில் புதிதாகப் பயிர் செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

முதல் தடவை சூரியகாந்தி போட்டபோது கால் ஏக்கரும் ஒரே மஞ்சளாக நின்றது. வீதியால் போகிறவர்கள் நின்று படம் எடுத்தார்கள். அறுவடைக்கு முன் பக்கத்துக் காணி அப்பு வந்து ஒரு பூத்தட்டை முறித்தார். ஓரத்து விதைகளை நகத்தால் அமுக்கினார், கெட்டியாக இருந்தது. நடுவுக்கு வந்து அமுக்கினார். கோது "சப்" என்று மடிந்தது. உள்ளே ஒன்றுமில்லை. உள்ளங்கை அளவு இடம் முழுக்கச் சப்பி.

"தம்பி, பூத்த நேரம் உதில வண்டு தேனீ ஏதும் நிண்டதோ?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தண்ணீர் கட்டினேன், பசளை போட்டேன், களை பிடுங்கினேன். பூவில் யார் வந்து போகிறார்கள் என்று ஒரு நாளும் நின்று பார்க்கவில்லை. அதன் பிறகு பார்க்கப் பழகினேன். அந்தப் பழக்கத்தைத்தான் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். சூரியகாந்தியைப் பற்றி அதிகமாகவும் கடுகைப் பற்றிக் குறைவாகவும் எழுதுவேன். பூச்சி வராவிட்டால் கூடுதலாக நட்டப்படுவது சூரியகாந்திதான். கடுகு வேறு விதத்தில் உதவுகிறது.

1. பூத்தட்டை வாசிக்கப் பழகுங்கள்

நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூ இல்லை. சுற்றிவர இருக்கும் மஞ்சள் இதழ்கள் விதை தராது, பூச்சியைக் கூப்பிடுவது மட்டும்தான் அவற்றின் வேலை. நடுத்தட்டில் நெருக்கமாக அடுக்கியிருக்கும் நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள்தான் ஒவ்வொன்றும் ஒரு விதையாக மாற வேண்டியவை. அவை எல்லாம் ஒரே நாளில் விரிவதில்லை. ஓரத்தில் தொடங்கி நாளுக்குச் சில வட்டங்களாக உள்நோக்கி விரிந்துகொண்டு போகும். ஒரு தட்டு பூத்து முடிய ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை எடுக்கும்.

காலை எட்டு மணிக்குப் பிறகு, பாதி பூத்த ஒரு தட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். நடுவில் பச்சை மொட்டுகள். அதற்கு அடுத்த வட்டத்தில் கபில நிறக் குழாய்கள் எழும்பி நிற்கும், அவற்றின் நுனியில் மஞ்சள் தூள். அதுதான் மகரந்தம். அதற்கும் வெளியே உள்ள வட்டத்தில் தூள் குறைந்திருக்கும். குழாய்க்குள்ளிருந்து ஒரு மெல்லிய தண்டு வெளியே வந்து, நுனி இரண்டாகப் பிரிந்து, ஆட்டுக் கொம்பு மாதிரி இருபக்கமும் வளைந்திருக்கும். அதுதான் மகரந்தத்தை ஏற்கும் குறி. ஒவ்வொரு சின்னப் பூவும் முதலில் மகரந்தத்தைக் கொடுக்கிறது, அடுத்த நாள் அளவில்தான் மகரந்தத்தை வாங்கத் தயாராகிறது. தன்னுடைய தூளைத் தானே உடனடியாக எடுத்துக்கொள்ளாதபடி அமைந்த ஒழுங்கு இது.

அந்தத் தூள் பாரமானது, பசையுள்ளது. சோளப் பூவின் தூள் மாதிரிக் காற்றில் பறந்து போகாது. ஆகவே தூள் வட்டத்திலிருந்து குறி வட்டத்துக்கும், ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கும் அதைக் கொண்டு போக ஒரு பூச்சி வேண்டும். தேன் குடிக்க வரும் தேனீ தட்டைச் சுற்றி நடக்கும்போது வயிற்றிலும் காலிலும் தூளை அப்பிக்கொண்டு அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

"இப்ப வாற கலப்பினங்கள் தன்பாட்டிலேயே விதை பிடிக்குமாமே" என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. பல கலப்பினங்கள் தன் மகரந்தத்தையே ஏற்கும். பிற தட்டிலிருந்து தூள் வராவிட்டால் குறியின் கொம்புகள் இன்னும் சுருண்டு தன் தண்டிலேயே ஒட்டியிருக்கும் தூளைத் தொட்டுக்கொள்ளும். அப்படியும் ஓரளவு விதை கிடைக்கும். ஆனால் தட்டு முழுக்க நிரம்பத் தேனீ நடமாட்டம் தேவை. கடந்த போகத்து விதையை எடுத்து வைத்து விதைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தச் செடிகள் எல்லாம் ஒரே குணமாக வருவதில்லை. சில செடிகள் தன் தூளை ஏற்கவே மாட்டா, அவற்றுக்கு வேறொரு செடியின் தூள்தான் வேண்டும்.

இனிப் பயனுள்ள அடையாளம் ஒன்று. மகரந்தம் கிடைத்த குறி விரைவில் வாடிச் சுருங்கிவிடும். கிடைக்காத குறி நாள் கணக்கில் வாடாமல் காத்து நிற்கும். ஆகவே நன்றாகத் தேனீ வரும் தோட்டத்தில் கொம்பு நீட்டி நிற்கும் வட்டம் ஒடுங்கியதாக இருக்கும், அதற்கு வெளியே எல்லாம் வாடிய பழுப்பு. தேனீ வராத தோட்டத்தில் அந்த வட்டம் நாளுக்கு நாள் அகன்று, தட்டின் முகமே மயிர் முளைத்த மாதிரிச் சொரசொரப்பாகத் தெரியும். இதைக் கண்டால் அறுவடை வரை காத்திருக்கத் தேவையில்லை. மகரந்தம் போய்ச் சேரவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

2. குறை தேனீயிலா, தண்ணீரிலா? மூன்று தட்டுச் சோதனை

நடுவில் சப்பி விழுந்தால் உடனே தேனீயைக் குறை சொல்லிவிடவும் கூடாது. நடுவில் இருப்பவை கடைசியாகப் பூப்பவை. சாப்பாடும் தண்ணீரும் அவற்றுக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும். மொட்டுக் கட்டும் காலத்திலிருந்து விதை முற்றும் வரை ஈரம் குறைந்தால், மகரந்தம் நிறையக் கிடைத்தாலும் நடு நிரம்பாது. மண்ணில் போரன் என்ற நுண்சத்து குறைந்தாலும் அப்படித்தான். எது காரணம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதனால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். செலவு ஒரு பழைய நுளம்பு வலையும் கொஞ்சம் கம்பியும்தான்.

பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், ஒரே பருமனான, ஒரே நாளில் விரியப் போகும் மூன்று தட்டுகளைத் தெரிவு செய்யுங்கள். இப்படி ஐந்து தொகுதி, தோட்டத்தின் ஐந்து இடங்களில். ஒரு தொகுதி மட்டும் பார்த்தால் ஒரு செடியின் தனிக் குணம் உங்களை ஏமாற்றிவிடும்.

முதல் தட்டை மஞ்சள் இதழ் விரியும் முன்பே நுளம்பு வலையால் மூடித் தண்டில் கட்டுங்கள். வலை பூவின் முகத்தில் படக்கூடாது. காற்றில் வலை உரசினால் அதுவே தூளைப் பரப்பிவிடும். கம்பியை வளையமாக வளைத்து உள்ளே வைத்தால் வலை விலகி நிற்கும். இந்தத் தட்டுக்குப் பூச்சி இல்லை.

இரண்டாவது தட்டை அப்படியே விடுங்கள். வருவது வரட்டும்.

மூன்றாவதையும் திறந்தே விடுங்கள். ஆனால் பூக்கத் தொடங்கியதிலிருந்து முடியும் வரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஒன்பது முதல் பதினொரு மணிக்குள், மெல்லிய பருத்தித் துணியை உள்ளங்கையில் சுற்றி, முதலில் வேறு செடிகளின் தட்டுகளில் மெதுவாகத் தடவித் தூளை எடுத்து, பிறகு இந்தத் தட்டின் முகத்தில் தடவுங்கள். அழுத்தித் தேய்த்தால் குறி முறிந்துவிடும். குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற அளவு போதும்.

பூத்து முடிந்து இதழ்கள் வாடியதும் மூன்று தட்டையும் வலையால் மூடிவிடுங்கள். இதை மறந்தால் சோதனை முழுக்க வீண். முதல் தட்டை வலை காப்பாற்றும், மற்ற இரண்டையும் கிளி தின்றுவிடும், நீங்கள் கிளியின் கணக்கைத் தேனீயின் கணக்கென்று எழுதுவீர்கள். நான் ஒரு முறை அப்படித்தான் எழுதினேன்.

தட்டின் பின்புறம் மஞ்சளாகிப் பழுப்புக்குத் திரும்பும்போது வெட்டி, தனித்தனியாகக் காயவைத்து, விதைகளை உதிர்த்து, கெட்டியையும் சப்பியையும் பிரித்து எண்ணுங்கள். தண்ணீரில் போட்டுப் பிரிக்க வேண்டாம். நெல்லுக்குச் சரி, சூரியகாந்தியில் கோதுக்குள் காற்று இருப்பதால் நல்ல விதையும் மிதந்துவிடும். நகத்தால் அமுக்கிப் பார்ப்பதுதான் நம்பகமானது. எண்ணி முடித்ததும் கெட்டி விதையை நிறுத்தும் பாருங்கள். விதை குறைவாகப் பிடித்த தட்டில் ஒவ்வொரு விதையும் சற்றுப் பருத்திருக்கும். அதனால் எண்ணிக்கையில் தெரியும் நட்டம் முழுவதும் நிறையில் தெரியாது.

விளங்குவதற்காக ஒரு கணக்குப் போடுவோம். தட்டுக்கு 1000 சின்னப் பூ என்று வைத்துக்கொள்வோம். மூடிய தட்டில் 350 கெட்டி விதை, திறந்த தட்டில் 600, கையால் தடவிய தட்டில் 780 என்று வந்தால் என்ன அர்த்தம்? மூடியதற்கும் திறந்ததற்கும் இடையிலுள்ள 250தான் இப்போது உங்கள் தோட்டத்துக்கு வரும் பூச்சிகள் தந்தது. திறந்ததற்கும் தடவியதற்கும் இடையிலுள்ள 180 பூச்சி போதாததால் நீங்கள் இழந்தது. 780க்கு மேல் போகாத மிச்சம் 220க்குத் தண்ணீர், பசளை, வெயில், செடியின் இயல்பு என்று வேறு காரணங்கள்.

இழந்த 180ஐ நிறையாக மாற்றுங்கள். ஆயிரம் விதை 50 கிராம் என்றால் 180 விதை 9 கிராம். 60 சென்றிமீற்றருக்கு 30 சென்றிமீற்றர் இடைவெளியில் நட்டால் கால் ஏக்கரில் ஏறத்தாழ 5500 செடி நிற்கும். 9 கிராமை 5500 ஆல் பெருக்கினால் 49 கிலோவுக்குச் சற்று மேல் வரும். விதை பருப்பதால் ஈடாகும் பங்கைக் கழித்தாலும் கணிசமான தொகை மிஞ்சும். அந்தத் தொகைக்குள் அடங்கும் செலவைத்தான் தேனீக்காகச் செய்யலாம்.

திறந்த தட்டும் தடவிய தட்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையாக வந்து, இரண்டிலும் நடு சப்பியாக இருந்தால், தேனீப் பெட்டி வாங்க ஓட வேண்டாம். உங்கள் குறை தண்ணீரிலோ மண்ணிலோ இருக்கிறது. மொட்டுக் காலத்திலும் பூக்கும் காலத்திலும் நீர் தவறாமல் கட்டிப் பாருங்கள். விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

3. பூக்கும் நாளைப் பார்த்து விதைக்கும் நாளைக் குறியுங்கள்

வன்னியில் இது பெரிய விடயம். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி அடிக்கும். ஐப்பசியில் நெல்லோடு சேர்த்துச் சூரியகாந்தியையும் விதைத்தால் அது மார்கழியில், அடைமழைக்குள் பூக்கும். மழையில் தேனீ வெளியே வராது. நனைந்த தூள் கட்டிபட்டுவிடும். தட்டுக்குள் தண்ணீர் தங்கி அழுகலும் தொடங்கும். பிந்தி மாசிக் கடைசியில் விதைத்தால் சித்திரை வெயிலில் பூக்கும். கடும் வெயிலில் தேனீ பூவை விட்டுத் தண்ணீர் தேடிப் போகும், தூளும் சீக்கிரம் செயலிழக்கும்.

விதைத்து 55 முதல் 65 நாளில் பல இனங்கள் பூக்கும். மழை தணிகிற மார்கழிக் கடைசியிலிருந்து தைப்பொங்கல் வரையான இடைவெளியில் மேட்டுக்காணியில் விதைத்தால், மாசியிலும் பங்குனித் தொடக்கத்திலும், வானம் வெளித்த காலைகளில் பூக்கும். மண்ணில் மாரியின் ஈரம் மிச்சமிருக்கும், கிணற்று நீர் கொஞ்சம் கட்டினால் போதும். இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளங்களின் வாய்க்கால் நீர் கிடைக்கும் காணிக்காரர் நீர் விடும் நாட்களைப் பார்த்துத் தங்கள் கணக்கைச் சற்று மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பக்கத்தில் இருந்தாலும் முதலில் பூக்கும் பத்து நாளைக் கலண்டரில் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளைத் தீர்மானியுங்கள்.

4. வேலியோரக் கடுகு: தேனீயை முன்கூட்டியே வரவழைக்க

நம்முடைய கடுகு தன் தூளைத் தானே ஏற்கும் இனம். ஒரு செடியை வலையால் மூடினாலும் காய் வரும். எனவே கடுகில் தேனீயால் கிடைக்கும் கூடுதல் விளைச்சல் சூரியகாந்தியின் அளவுக்குப் பெரியதல்ல. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கண்ணால் காணலாம். பூச்சி நன்றாக வந்த கதிரில் காய்கள் கீழிருந்து மேலாக ஒழுங்காக அடுக்கியிருக்கும். வராத கதிரில் இடையிடையே காம்பு மட்டும் நிற்கும், பல் உதிர்ந்த சீப்பு மாதிரி. சில காய்கள் உள்ளே இரண்டொரு விதையோடு வளைந்து ஒடுங்கியிருக்கும். காய்கள் சேர்ந்தாற்போல் பிடித்தால் சேர்ந்தாற்போல் முற்றும். முந்தி முற்றியது வெடித்துக் கொட்ட, பிந்தியது பச்சையாக நிற்கும் தொல்லை குறையும். ஆனால் பூக்கும்போது ஈரம் குறைந்தாலும் இதே இடைவெளி விழும் என்பதை மறக்க வேண்டாம்.

சூரியகாந்தி செய்கிறவருக்குக் கடுகின் பெரிய உதவி நேரம்தான். கடுகு விதைத்து ஐந்து ஆறு கிழமையில் பூத்துவிடும். சூரியகாந்தியோடு அதே நாளில் வேலியோரமாக இரண்டு மூன்று வரி கடுகு போட்டால், சூரியகாந்தி விரிவதற்கு முன்பே தோட்டத்தில் தேனும் தூளும் இருக்கும். தேனீ இடத்தைப் படித்துக்கொள்ளும். கூட்டில் குஞ்சு பெருகும். கடுகுப் பூ கொட்டத் தொடங்கும் நேரம் சூரியகாந்தியின் முதல் வட்டம் விரியும், வந்து பழகிய தேனீ அப்படியே தாவிவிடும். கடுகை மூன்று கிழமை பிந்தி விதைத்தால் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். ஒரு தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே நாடும். அப்போது கடுகு உதவாமல் தேனீயைப் பங்குபோட்டுக்கொள்ளும். சேனையில் குரக்கனுக்கு இடையில் மாரிக்கு விதைக்கும் கடுகு வேறு, அது அதன் பாட்டில் விளையட்டும்.

இன்னொரு பயனும் இருக்கிறது. கடுகுப் பூவில் தேனீ மாதிரி வரியுள்ள, ஆனால் இரண்டே சிறகுள்ள ஒரு ஈ, பறந்தபடியே அந்தரத்தில் அசையாமல் நிற்கும். அதன் புழு அழுக்கணவனைத் தின்று வளர்வது. கடுகின் நுனியில் அழுக்கணவன் அப்பியிருக்கும் இடத்தில் கால் இல்லாத, பச்சையோ மண்ணிறமோ ஆன சின்னப் புழு நெளிவதைக் கண்டால் அதைக் கொல்ல வேண்டாம். அப்பிய நுனிகளை மட்டும் முறித்துத் தோட்டத்துக்கு வெளியே போடுங்கள். பல நேரம் அதுவே போதும்.

5. மருந்து

இரண்டாவது போகத்தில் நான் செய்த பிழை இது. பூத்தட்டில் புழு கண்டு கடையில் கேட்டேன். "பூத்த கையோட அடியுங்கோ, அப்பதான் காய் பிடிக்கும்" என்றார் கடைக்காரர். காலை ஒன்பது மணிக்கு அடித்தேன். பின்னேரம் போய்ப் பார்த்தால் வரிகளுக்கிடையில் தேனீக்கள் விழுந்து கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். நாக்கை நீட்டியபடியே செத்திருந்தது, பின்னங்காலில் மஞ்சள் தூள் உருண்டை அப்படியே ஒட்டியிருந்தது. நாக்கு நீண்டு செத்துக் கிடப்பது நஞ்சின் அடையாளம் என்று பிறகுதான் அறிந்தேன். அடுத்த சில நாட்கள் தட்டுகள் வெறுமையாக நின்றன. குறி வட்டம் அகன்றுகொண்டே போனது.

மொட்டு நிறம் காட்டும் நாளிலிருந்து இதழ் வாடும் நாள் வரை பூச்சிநாசினி அடிக்காதீர்கள். புழுவைப் பூக்கும் முன் தேடுங்கள். கால் ஏக்கரில் காலையில் நடந்து கையால் பொறுக்கலாம். அடித்தே தீர வேண்டிய நிலை வந்தால் பொழுதுபட்டுத் தேனீ கூடு திரும்பிய பிறகு அடியுங்கள். ஆனால் பின்னேரம் அடித்தால் எல்லா மருந்தும் பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். இமிடாகுளோபிரிட், தயாமெதொக்சாம் போன்றவை செடிக்குள் ஊறித் தேனிலும் தூளிலும் வந்துவிடும். இரவில் அடித்தாலும் அடுத்த நாள் தேனீ குடிப்பது அதைத்தான். போத்தலின் சுட்டுத்துண்டில் மருந்தின் பெயரைத் தேடி வாசியுங்கள், வியாபாரப் பெயரை நம்ப வேண்டாம். வேப்பங்கொட்டைக் கரைசலையும் பூவின் முகத்தில் படாமல் பின்னேரத்தில் அடிப்பதுதான் நல்லது.

அயல் காணிக்காரரிடம் உங்கள் பூக்கும் நாட்களைச் சொல்லி வையுங்கள். அவர் கத்தரிக்கோ மிளகாய்க்கோ அடிக்கும் மருந்துக்கு உங்கள் வேலி தெரியாது. "அண்ணை, அடிக்கிறதுக்கு முதல் நாள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்று கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். பெட்டி வைத்திருந்தால் அன்றிரவே வாசலை வலையால் மூடி, காற்றோட்டமும் நிழலும் கொடுத்து, அடுத்த நாள் காலை அடித்து முடிந்து காயும் வரை வைத்திருக்கலாம். நாள் முழுக்க வெயிலில் மூடி வைத்தால் கூடே வெந்துவிடும்.

6. இருக்க இடமும் மற்ற நாட்களுக்குச் சாப்பாடும்

சூரியகாந்தி பத்து நாள்தான். தேனீ ஆண்டு முழுக்க உயிர்வாழ வேண்டும். அதோடு சூரியகாந்தித் தூளில் புரதம் குறைவு, அதை மட்டும் தின்று ஒரு கூடு நன்றாக வளராது. அதனால் வேலியைப் பாருங்கள். பூவரசு, முருங்கை, கிளிசிறிடியா, தென்னை, வேம்பு எல்லாம் ஒவ்வொரு காலத்தில் பூச்சிக்குச் சோறு போடும் மரங்கள். கிளிசிறிடியாவை ஆட்டுக்குக் குழைக்காக அடிக்கடி வெட்டுகிறோம். வெட்டிய கிளை பூக்காது, முற்றிய கிளையில்தான் அந்த இளஞ்சிவப்புப் பூ வரும். வேலியை ஒரேயடியாக வெட்டாமல் ஒரு பக்கத்தை விட்டு மறுபக்கத்தை வெட்டினால் ஆட்டுக்கும் குழை, தேனீக்கும் பூ. வரம்பில் பூக்கும் தும்பையையும் களைநாசினி அடித்துச் சுத்தமாக்காமல் ஒரு முழ அகலம் விடுங்கள்.

கூட்டமாக வாழாத காட்டுத் தேனீக்களும் தோட்டத்துக்கு வரும். உலகில் உள்ள தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடுபவை. காலை வெயில் விழும் ஒரு வரம்பில், புல் குறைந்த கட்டி மண்ணில், பென்சில் நுழையும் அளவு துளைகள் தெரிகிறதா என்று பாருங்கள். சிறிது நேரம் நின்றால் தேனீ ஒன்று தூளோடு உள்ளே போவதைக் காணலாம். எறும்புப் புற்று என்று மண்வெட்டியால் சரித்துவிட வேண்டாம். அந்தத் துண்டை உழாமல், தண்ணீர் தேங்காமல் விட்டால் போதும். பெரிய கரிய வண்டுத் தேனீ காய்ந்த மரத்தைத் துளைத்து வாழும். பழைய வேலிக் கட்டைகளில் ஒன்றிரண்டை விறகாக்காமல் மூலையில் நிறுத்தி வையுங்கள். கத்தரிப் பூவையும் அது அதிரவைத்துத் தூள் கொட்டச் செய்யும், கத்தரி போடுகிறவருக்கு இரட்டை லாபம்.

தண்ணீருக்கு அகன்ற மண்சட்டியில் கூழாங்கல் போட்டு, கல்லின் தலை வெளியே தெரிய நீர் விட்டு நிழலில் வையுங்கள். கல் இல்லாவிட்டால் தேனீ மூழ்கிச் சாகும்.

காட்டில் பொந்துத்தேன் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தீவட்டியால் கூட்டைப் பொசுக்க வேண்டாம், புகை காட்டினால் போதும். தேன் அடையை எடுத்து, குஞ்சு இருக்கும் அடையைப் பொந்திலேயே விடுங்கள். காட்டோரக் காணிகளுக்கு வரும் தேனீ அந்தப் பொந்துகளிலிருந்துதான் வருகிறது. காட்டிலிருந்து விலகிய காணிகளில்தான் பெட்டி கூடுதலாகத் தேவைப்படும்.

7. பெட்டி வைப்பதானால்

மூன்று தட்டுச் சோதனையில் பெரிய இடைவெளி கண்டால் மட்டும் பெட்டிக்குப் போங்கள். நாங்கள் வளர்ப்பது பொந்தில் வாழும் நாட்டுத் தேனீ. ஏக்கருக்கு இரண்டு பெட்டி வைத்துத் தொடங்கலாம், கால் ஏக்கருக்கு ஒன்று தாராளம்.

தோட்டத்தில் பத்தில் ஒரு தட்டு பூத்த பிறகு பெட்டியைக் கொண்டு வாருங்கள். முன்கூட்டியே கொண்டுவந்தால் தேனீ வேறு எங்கோ பூ தேடிப் பழகிவிடும், பிறகு உங்கள் பூவுக்குத் திரும்புவது கடினம். இரவில், வாசலை வலையால் அடைத்து, ஆட்டாமல் கொண்டு வரவேண்டும். ஒரே காணிக்குள் அரைக் கிலோமீற்றர் தள்ளி வைப்பது பிழை. பழைய இடத்துக்கே பறந்து போய்ப் பெட்டியைக் காணாமல் அங்கே கூடி நிற்கும். ஒன்றில் நாளுக்கு ஒரு அடியாக நகர்த்துங்கள், இல்லையேல் இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து கொண்டு வாருங்கள்.

காலை வெயில் படும், உச்சி வெயில் படாத இடம் நல்லது. தாங்கியின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைக்குள் நிறுத்தினால் எறும்பு ஏறாது. முசுறு வந்த கூட்டை நாட்டுத் தேனீ சில நேரம் ஒரேயடியாக விட்டுவிட்டுப் போய்விடும். அடையில் மெழுகுப் பூச்சி நூல் பின்னியிருந்தாலும், சாப்பாடு குறைந்தாலும் அப்படியே. அதனால் பூத்து முடிந்த பிறகும் பெட்டியை மறக்க வேண்டாம்.

வேலை நடக்கிறதா என்பதைக் காலை ஒன்பது மணிக்கு வரி வழியே நடந்து பாருங்கள். பூத்த நூறு தட்டைப் பார்த்து, எத்தனை தட்டில் தேனீ நிற்கிறது என்று எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். தேனீ, வண்டு, ஈ என்று பிரித்து எழுதினால் இன்னும் நல்லது. அதே நேரம், அதே பாதை, வெயில் நாள். மூன்று நாள் எண்ணினால் போக்குத் தெரிந்துவிடும். வேலிப் பக்கத்து வரிகளில் நிறையவும் நடு வரிகளில் குறைவாகவும் நின்றால், அடுத்த போகத்தில் கடுகு வரியில் ஒன்றைத் தோட்டத்தின் நடுவிலும் போடுங்கள். எண்ணிக்கை நன்றாக இருந்தும் குறி வட்டம் அகன்றே இருந்தால், தேனீ தட்டின் பின்புறத்தில் ஊறும் இனிப்பை மட்டும் குடித்துப் போகிறதா என்று குனிந்து பாருங்கள். அப்படி நின்றவற்றைக் கணக்கில் சேர்க்காமல் திரும்ப எண்ணுங்கள்.